குசினிச் சுவரில் பல்லி: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு விஷம் கிடையாது. பல்லிலும் இல்லை, தோலிலும் இல்லை, அறுந்து துடிக்கும் வாலிலும் இல்லை. சுவர்ப் பல்லிகள் சேர்ந்த குடும்பத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு, அவற்றில் ஒன்றுக்கும் விஷச் சுரப்பி இல்லை. உடம்பில் விழுந்தாலும், கையைக் கடித்தாலும் ஒன்றும் ஆகாது. கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். பல்லி விழுந்த பலனைப் பஞ்சாங்கத்தில் பார்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு வழக்கம். உடல் நலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பல்லியால் வரக்கூடிய உண்மையான கெடுதி அதன் எச்சத்தில் இருக்கிறது. பல்லியின் குடலில் சல்மொனெல்லா என்ற பக்டீரியா சாதாரணமாக வாழும். பல்லிக்கு அதனால் நோய் வராது. ஆனால் எச்சத்தோடு வெளியே வந்து நம் சாப்பாட்டில் கலந்து வயிற்றுக்குள் போனால் நமக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, வாந்தி வரலாம். எல்லாப் பல்லியிலும் இந்தப் பக்டீரியா இருக்கும் என்றில்லை. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்துச் சொல்லவும் முடியாது. அதனால் எல்லா எச்சத்தையும் ஒரே மாதிரிதான் நடத்த வேண்டும்.

இது புரிந்தால் செய்ய வேண்டிய வேலை பாதியாகக் குறையும். வீட்டிலுள்ள எல்லாப் பல்லியையும் விரட்டத் தேவையில்லை, மலையகத்து லயன் வீடுகளில் அது நடக்கிற காரியமும் இல்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுச்சுவர் பொது. பல இடங்களில் அந்தச் சுவர் கூரை வரை எழும்பாது, தகரத்துக்கு அடியில் உள்ள வெளி எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். ஒரு வீட்டில் விரட்டினால் பக்கத்துக் காம்பராவில் இருந்து அடுத்தது வரும். ஆண் பல்லிகள் தங்கள் வேட்டை இடத்தைக் காவல் காக்கும். ஒன்று போய்விட்டால் அந்த இடம் காலியாகக் கிடக்காது. ஆகவே நாம் காக்க வேண்டியது அடுப்பு, சாப்பாடு வைக்கும் தட்டு, பாத்திரம், அம்மி, குடிநீர் இவை உள்ள சில அடி இடத்தை மட்டும். அங்கே எச்சம் விழாமல் பார்த்துக்கொண்டால், இஸ்தோப்பில் பல்லி இருப்பது நன்மைதான். நுளம்பு, விட்டில், ஈசல், சிறு கரப்பான் என்று அது பிடிக்காத பூச்சி குறைவு.

பல்லி ஏன் குசினிக்கு வருகிறது

வீட்டுப் பல்லிகள் இரவில் இரை தேடுபவை. அவற்றுக்குச் சோற்றிலோ கறியிலோ ஆசை இல்லை. விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குப் பல்லி வருகிறது. விளக்கு எங்கே தொங்குகிறதோ, அதற்குக் கீழே எச்சம் விழுகிறது. பெரும்பாலான குசினிகளில் ஒரே ஒரு மின்குமிழ்தான், அதையும் வேலைக்கு வசதியாக அடுப்புக்கு மேலோ சாமான் தட்டுக்கு மேலோ தொங்கவிடுகிறோம். பல்லியைச் சாப்பாட்டுக்கு மேலே கூட்டிவந்து நிறுத்துவது அந்தக் குமிழ்தான்.

இரண்டாவது காரணம் சூடு. பல்லிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. பதுளை, கண்டி, மாத்தளை, கம்பளை போன்ற இடங்களில் அவை சுவர் முழுக்கத் திரியும். அட்டன், தலவாக்கலை என்று மேலே ஏற ஏறக் குளிர் கூடும், பல்லியும் குறையும். இருக்கிற சில பல்லிகள் அடுப்புச் சுவர், குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம், மின்மானிப் பெட்டி என்று சூடு தங்கும் இடங்களில் ஒதுங்கும். எண்ணிக்கை குறைந்த குளிர்ப் பகுதியிலும் எச்சம் குசினியிலேயே அதிகம் தென்படுவதற்கு இது ஒரு காரணம்.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாதத்திலும், ஒக்டோபர் நவம்பரிலும் மாலை மழை விட்டதும் ஈசல் கிளம்பும். அந்த ஒரு மணி நேரத்தில் குசினி விளக்கு எரிந்துகொண்டிருந்தால், மறைந்திருந்த பல்லி எல்லாம் ஒரே சுவருக்கு வந்துவிடும். அடுத்த நாள் காலையில் எச்சமும் அதற்கேற்றபடி கூடும்.

விளக்கைத் தேடி வரும் பூச்சிகளில் ஒன்றைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. காலையில் எழுந்தால் கழுத்திலோ கையிலோ கோடு இழுத்தது போலச் சிவந்து, எரிந்து, கொப்புளம் கட்டியிருக்கும். பல்லி மூத்திரம் பெய்துவிட்டது என்பார்கள். பல தடவை அது ஒரு சின்ன வண்டின் வேலை. செம்மஞ்சளும் கறுப்புமாக, மெலிந்து நீண்டிருக்கும். தோலில் வைத்து நசுக்கும்போது அதன் உடம்பில் உள்ள நச்சுச் சாறு பட்டுத் தோல் வெந்துபோகிறது. அதைக் கண்டால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பல்லியின் சிறுநீர் தனியாக நீராக வருவதும் அபூர்வம். அது எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளைக் கட்டியாகவே வெளியேறுகிறது.

அந்த வெள்ளை முனைதான் எச்சத்தை அடையாளம் காணும் வழியும். கறுப்பு அல்லது கபில நிறத்தில், ஒரு அரிசி மணி நீளத்தில் இருக்கும், ஒரு நுனியில் மட்டும் சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளை. எலிப் புழுக்கையில் இந்த வெள்ளை இருக்காது. கரப்பான் எச்சம் மிகச் சின்னது, தேயிலைத் தூள் சிதறியது போலக் கிடக்கும். எலியாக இருந்தால் செய்ய வேண்டிய வேலை வேறு, ஆகவே முதலில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சாப்பாட்டில் ஆபத்து

சல்மொனெல்லா வெப்பத்துக்குத் தாங்காது. சாப்பாட்டின் நடுப்பகுதி வரை 70 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாகிச் சில நிமிடம் நின்றால் அது செத்துவிடும். மலையில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதிக்கும், அட்டனில் ஏறக்குறைய 96 பாகை, நுவரெலியாவில் 94 பாகை. அது போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போதும். கொதிக்கிற பருப்பிலும் வேகிற சோற்றிலும் சல்மொனெல்லா பிழைக்காது.

ஆபத்து வேகாத சாப்பாட்டிலும், வெந்தபின் திறந்து கிடக்கும் சாப்பாட்டிலும் இருக்கிறது. மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு போகும் ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் எடுத்துக்கொள்வோம். ரொட்டி கல்லில் வேகிறது, சம்பல் வேகுவதே இல்லை. அதிகாலையில் எழுந்து அரைத் தூக்கத்தில் குமிழைப் போட்டு, இரவு முழுக்கத் திறந்து கிடந்த அம்மியில் அப்படியே மிளகாயை வைத்து அரைக்கிறோம். தேங்காய் துருவியும் ஆணியில் தொங்கியபடி இரவைக் கழித்திருக்கும். அதன் பற்களுக்கு நடுவில் ஒரு எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் அந்த வெளிச்சத்தில் தெரியாது. காய்ந்த எச்சத்திலும் சல்மொனெல்லா பல நாள் உயிரோடு இருக்கும். துருவலின் ஈரமும் சத்தும் கிடைத்ததும் பெருகத் தொடங்கும். காலை 5 மணிக்குக் கட்டிய சம்பலை மதியம் 12 மணிக்குத் திறக்கும்போது, மூடிய டப்பாவுக்குள் அதற்கு 7 மணி நேரம் கிடைத்திருக்கிறது. தேசிக்காய்ப் புளியும் உப்பும் அதன் வேகத்தைக் குறைக்கலாம், கொன்றுவிடும் என்று நம்பக்கூடாது.

ஆகவே ஒரு வீட்டில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற முடியும் என்றால், அம்மியையும் துருவியையும் இரவில் மூடி வையுங்கள், காலையில் கழுவிவிட்டு அரையுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். துருவியைக் கழுவிக் காயவைத்து ஒரு பொலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டு வைக்கலாம். அம்மிக்கு ஒரு பழைய அகலத் தட்டையோ பிளாஸ்டிக் பேசினையோ கவிழ்த்து வைத்தால் போதும். காலையில் கல்லைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, தேநீருக்குக் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சத்தை அம்மியின் மேலும் குழவியின் மேலும் இரண்டு முறை ஊற்றுங்கள். முதல் முறை ஊற்றும்போது குளிர்ந்த கல் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், இரண்டாவது முறைதான் கல்லின் மேற்பரப்பு உண்மையில் சூடாகும். குளிர்ப்பகுதிகளில் கல் இன்னும் குளிர்ந்திருக்கும், அங்கே இரண்டாவது ஊற்றலை விடவே கூடாது.

இதே கணக்கில் வருபவை: சீனி, பால்மா, வெட்டிவைத்த பழம், வடித்து ஆறவைத்த சோறு, குடிதண்ணீர்க் குடம், கவிழ்க்காமல் வைத்த கோப்பையும் பீங்கானும். கைக்குழந்தைக்குப் போத்தலில் பால் கரைக்கும் வீடுகளில் பால்மா டின்னின் மூடியும் கரண்டியும் தனிக் கவனத்துக்கு உரியவை. குழந்தைகளுக்கும், வயதானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், நீரிழிவு போன்ற நோயுள்ளவர்களுக்கும் சல்மொனெல்லா மற்றவர்களைவிடக் கடுமையாகப் பிடிக்கும்.

ஒரு குசினியை எடுத்துச் செய்து பார்ப்போம்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் ஒரு லயன் குசினி. ஒரு மூலையில் விறகடுப்பு, பக்கத்தில் காஸ் அடுப்பு. எதிர்ச் சுவரில் மூன்று தட்டு உள்ள பலகை றாக்கை, அதில் பாத்திரமும் சாமானும். றாக்கைக்கு நேர் மேலே மின்குமிழ். அதற்குப் பக்கத்தில் ஒரு நாட்காட்டியும் சாமிப் படமும். மேலே நெளி தகரம், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே நெளிவு நெளிவாக இடைவெளி.

முதல் வேலை பல்லி எங்கே எச்சமிடுகிறது என்று கண்டுபிடிப்பது. இரவு படுக்கும் முன் றாக்கையின் ஒவ்வொரு தட்டிலும், அடுப்புத் திண்ணையிலும், தரையில் சுவரோரமாகவும் பழைய செய்தித்தாளை விரித்து விடுங்கள். காலையில் எந்தத் தாளில் எத்தனை எச்சம் என்று பார்த்து, தாளை மடித்து எறியுங்கள். மூன்று இரவு இதைச் செய்தால் படம் தெளிவாகிவிடும். இப்படியான குசினியில் பெரும்பாலும் மேல் தட்டிலும், குமிழுக்கு நேர் கீழேயும், நாட்காட்டிக்கு அடியிலும்தான் விழுந்திருக்கும். அடுப்புத் திண்ணையில் ஒன்றும் இல்லாமல் போகலாம், அல்லது விறகடுப்பின் பின்சுவரில் ஒரு கோடாக வழிந்திருக்கலாம். ஊகத்தில் வேலை தொடங்குகிறவர்கள் தேவையில்லாத பக்கத்தில் பணத்தைச் செலவழிக்கிறார்கள்.

இரண்டாவது வேலை விளக்கு. குமிழை றாக்கைக்கு மேலிருந்து எடுத்து, வாசல் பக்கச் சுவருக்குக் கிட்ட மாற்றுங்கள். வயரை நகர்த்துவதை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். மாற்ற முடியாவிட்டால் றாக்கையை நகர்த்துங்கள், அது காசில்லாத வேலை. குமிழுக்கு நேர் கீழிருந்து ஐந்தாறு அடி தள்ளினாலே தாளில் வித்தியாசம் தெரியும். அடுத்த முறை குமிழ் வாங்கும்போது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தை விட்டு, மஞ்சள் வெளிச்சம் தரும் எல்.ஈ.டி. குமிழை எடுங்கள், பெட்டியில் 2700K அல்லது 3000K என்று இருக்கும். மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும், ஆனாலும் வராமல் இருக்காது. சமையல் முடிந்ததும் குசினி விளக்கை அணைத்துவிட்டு, வெளியே இஸ்தோப்பின் தூரப் பக்கத்தில் ஒன்றை எரியவிட்டால் பூச்சியும் பல்லியும் அங்கே போகும். ஈசல் கிளம்பும் மாலைகளில் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

மூன்றாவது, ஒளிவிடங்கள். பல்லி பகலில் நாட்காட்டிக்குப் பின்னாலும் படத்துக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டு தூங்கும். முட்டையும் அங்கேதான் இடும். ஒரு தடவைக்கு இரண்டு, கடலை அளவில், உருண்டை, வெள்ளை, ஓடு கடினம். இரண்டு மூன்று பல்லிகள் ஒரே இடுக்கில் இடுவதால் பத்துப் பன்னிரண்டு முட்டைகூடச் சேர்ந்து கிடக்கும், பொரித்துப் போன ஓடுகளும் கூடவே இருக்கும். முட்டை பொரிக்க ஒன்றரை மாதத்தில் இருந்து இரண்டு மாதம் வரை எடுக்கும், குளிரில் இன்னும் நீளும். எனவே மாதம் ஒரு தடவை படங்களைக் கழற்றி, பின்னால் துடைத்து, முட்டைகளை எடுத்து வெளியே வேலியோரத்தில் போட்டால் குசினிக்குள் குஞ்சு பொரிக்காது. சாமிப் படத்தை அகற்ற வேண்டியதில்லை, முன்னறைக்கு மாற்றினால் போதும். நாட்காட்டிக்கும் குசினியில் வேலை இல்லை. மின்மானிப் பெட்டிக்குள்ளோ சுவிட்ச் பெட்டிக்குள்ளோ முட்டை தெரிந்தால் கையை விடாதீர்கள்.

நான்காவது, கூரை இடைவெளி. ஒரு பென்சில் நுழையும் இடைவெளி பெரிய பல்லிக்குப் போதும், குஞ்சுக்கு அதில் பாதியே தாராளம். சுவர் வெடிப்பை சீமெந்துக் கலவையால் அடையுங்கள். ஆனால் விறகடுப்பு எரியும் குசினியில் தகரத்தடி நெளிவுகளை சீமெந்தால் அடைக்கவே கூடாது. புகை வெளியேறும் வழி அதுதான், அதை மூடினால் வீட்டில் உள்ளவர்களின் நெஞ்சுக்குப் பல்லியைவிடப் பெரிய கேடு. அங்கே உலோக நுளம்பு வலையை ஆறங்குலப் பட்டிகளாக வெட்டி, பலகைச் சட்டம் வைத்து அடியுங்கள். நைலோன் வலை மலிவுதான், ஆனால் அடுப்புச் சூட்டில் சுருங்கிக் கிழியும். புகைக்கரி ஏறி வலைக்கண் அடைபட்டுப் போகும், அதை மாதத்துக்கு ஒருமுறை காய்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும். குசினிக்குள் வழக்கத்தைவிடப் புகை நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த வலைதான்.

நடுச்சுவர் கூரை வரை இல்லாத வீட்டில் இந்த நான்காவது வேலையால் பெரிய பலன் கிடைக்காது. அப்படிப்பட்ட வீட்டில் வலைக்குச் செலவழிக்கும் பணத்தை மூடியுள்ள டப்பாக்களில் போடுவதே புத்தி.

கடைசி வேலை மூடி வைப்பது. சுவர் எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் பல்லிக்கு ஏறத் தெரியும். அதன் விரலடியில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, அவை சுவரோடு மிக நெருங்கி ஒட்டிக்கொள்வதால் கண்ணாடியிலும் நிற்கும். மினுக்குப் பெயின்ட் அடித்தால் வழுக்கி விழும் என்பது நடக்காது. ஆகவே றாக்கையின் உயரமோ, காலோ பாதுகாப்புத் தராது, மூடி மட்டுமே தரும். துணி போட்டு மூடுவது போதாது. துணி மேல் விழுந்த எச்சத்தின் ஈரம் கீழே ஊறும், அடுத்த நாள் அதே துணியை மறுபக்கம் திருப்பிப் போடுவதும் உண்டு. கண் பெரிய கூடையும் அப்படித்தான். இறுக்கமாக உட்காரும் சில்வர் மூடியோ பிளாஸ்டிக் டப்பாவோதான் தேவை. சட்டியின் மூடி மேலேயும் எச்சம் விழும். திறக்கும்போது மூடியைச் சாய்த்தால் அது கறிக்குள் விழுந்துவிடும், எனவே மேலே ஒருமுறை பார்த்துவிட்டு நேராகத் தூக்குங்கள். கோப்பை, பீங்கான், அகப்பை எல்லாம் கவிழ்ந்தே இருக்கட்டும்.

இவ்வளவும் முடித்து இரண்டு வாரம் போனபின் மறுபடியும் மூன்று இரவு தாளை விரியுங்கள். றாக்கைத் தட்டில் ஒன்றுமில்லாமல் தரையில் சுவரோரம் மட்டும் விழுந்திருந்தால் வேலை சரி. இன்னும் தட்டில் விழுகிறது என்றால் நேர் மேலே நிமிர்ந்து பாருங்கள். வளைமரமோ, வயரோ, கயிறோ ஏதாவது றாக்கையைக் கடந்து போகும், பல்லி அதில் நின்றுதான் எச்சமிடுகிறது.

எச்சத்தைத் துடைக்கும் முறை

காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டினால் தூளாகிப் பறந்து பக்கத்துச் சாமானில் படியும். முதலில் நனைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 5 வீத வெளிற்றும் திரவத்தில் 20 மில்லிலீற்றரை, அதாவது 4 தேக்கரண்டியை, ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரில் கலக்குங்கள். எச்சத்தின் மேல் இதை ஊற்றிச் சிறிது ஊறவிட்டு, தாளால் ஒற்றி எடுத்து எறியுங்கள். பிறகு அந்த இடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, மறுபடி கலவையைப் பூசி 10 நிமிடம் விட்டு நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். அழுக்கைத் தேய்த்து எடுக்காமல் மேலே கலவையைப் பூசினால் அது அழுக்கோடு வினைபட்டுத் தீர்ந்துபோகும், கிருமி சாகாது. கலவையை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள், வைத்தால் வீரியம் போகும். கழிவறை கழுவும் அமிலத்தோடோ வினாகிரியோடோ இதைக் கலக்கவே கூடாது, மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும்.

வெட்டும் பலகை மரமாக இருந்தால் கீறல்களுக்குள் கிருமி நிற்கும். அதற்குச் சவர்க்காரத் தேய்ப்பும் கொதிநீரும்தான் நல்லது, பிறகு வெயிலில் காயவையுங்கள்.

செய்யக்கூடாதவை

பூச்சி உருண்டையைச் சாமான் தட்டில் வைக்கிறார்கள். அதிலிருந்து வரும் நப்தலீன் ஆவி சாப்பாட்டில் ஏறும், சிறுபிள்ளை அதை இனிப்பு என்று எடுத்து விழுங்கினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குசினியில் அதற்கு இடமே இல்லை. முட்டை ஓடு தொங்கவிடுவதும் பூண்டு வைப்பதும் கெடுதல் இல்லை, ஆனால் விளக்கும் பூச்சியும் அங்கேயே இருக்கும்வரை பல்லி போவதில்லை. பூச்சிமருந்து விசிறுவது சாப்பாட்டில் பல்லி எச்சத்தைவிட மோசமான ஒன்றைச் சேர்ப்பது.

பசைத் தாள் வைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். ஒட்டிய பல்லி பல மணி நேரம் துடித்துச் சாகும், பயத்தில் எச்சமிடும், அழுகினால் எறும்பும் ஈயும் மொய்க்கும். அதோடு நம் மலைகளில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பல்லி இனங்கள் இருக்கின்றன. கண்டிப் பல்லி என்று சொல்லப்படும் இனம் வீடுகளுக்குள்ளும் வரும். காட்டோரத் தோட்டங்களில் பாறையிலும் மரத்திலும் வாழும் சின்னஞ்சிறு பல்லிகளும் வழி தவறி உள்ளே வரலாம். பசைக்கு இவை எல்லாம் ஒன்றுதான். உள்ளே வந்ததை வெளியேற்ற வேண்டுமென்றால், அது அசையாமல் நிற்கும்போது ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பாவால் மூடி, சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு கடின அட்டையைச் செருகி, அப்படியே வெளியே கொண்டுபோய் விடுங்கள். கையால் பிடித்தால் வாலை விட்டுவிட்டு ஓடும், சில இனங்களின் தோலே கிழிந்துபோகும்.

பல்லி நிறைய இருக்கும் வீட்டுக்கு அதைத் தேடி ஓநாய்ப் பாம்பு வருவதுண்டு. அதற்கு மனிதரைக் கொல்லும் விஷம் இல்லை, ஆனால் பட்டை பட்டையாக இருக்கும் அதன் உடம்பு விஷமுள்ள கட்டுவிரியனைப் போலவே தெரியும். எது என்று கிட்டப் போய்ப் பார்க்க முயல வேண்டாம்.

சாப்பாட்டில் பல்லி விழுந்துவிட்டால்

சமைத்த கறியிலோ சோற்றிலோ பாலிலோ பல்லி கிடந்தால் அந்தச் சாப்பாட்டை எறிந்துவிடுங்கள். மறுபடி கொதிக்கவைத்து உண்பது சரியல்ல. சல்மொனெல்லா சாகும், ஆனால் நெடுநேரம் ஆறிக்கிடந்த சோற்றில் வேறு பக்டீரியாக்கள் உண்டாக்கிவைத்த நச்சு கொதியிலும் அழியாது. பாத்திரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொதிநீர் ஊற்றினால் மறுபடி பாவிக்கலாம்.

வேகாத அரிசி மூட்டையில் ஒரு எச்சம் கண்டால் மூட்டையை எறியத் தேவையில்லை. எச்சத்தையும் சுற்றியுள்ள இரண்டு கை அரிசியையும் எடுத்துப் போட்டுவிட்டு, மீதியைக் கழுவிச் சமையுங்கள், வேகும்போது கிருமி சாகும். கோதுமை மாவிலும் அப்படிச் செய்யலாம், ஆனால் அந்த மாவில் தட்டும் ரொட்டி மெல்லியதாக இருக்கட்டும், நடுவில் பச்சை மாவு நிற்கக் கூடாது. சீனியும் பெரியவர்கள் குடிக்கும் பால்மாவும் திறந்து கிடந்து எச்சம் விழுந்திருந்தால் போனது போனதுதான், எறிந்துவிடுங்கள். குழந்தையின் பால்மா என்றால் டின் முழுவதையும் எறிந்துவிடுங்கள், விலை எவ்வளவு வலித்தாலும்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள். புளி கரைத்துக் கொடுப்பது, உப்புத் தண்ணீர் குடிக்கவைப்பது எதுவும் தேவையில்லை, அதிக உப்புத் தண்ணீர் சிறுபிள்ளைக்கு ஆபத்து. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சல்மொனெல்லா பிடித்தால் 6 மணி நேரத்தில் இருந்து 6 நாளுக்குள் அறிகுறி தொடங்கும். பாத்திரத்துக்குள் பல்லியைக் கண்ட சில நிமிடத்திலேயே வரும் குமட்டல் பெரும்பாலும் அருவருப்பாலும் பயத்தாலும் வருவது. ஒருவர் வாந்தி எடுப்பதைப் பார்த்து மற்றவருக்கும் வரும். பிள்ளைமடுவத்திலோ பள்ளிக்கூடத்திலோ நடந்தால் இது சீக்கிரம் பரவும், ஆகவே பிள்ளைகளைத் தனித்தனியாக உட்காரவைத்து அமைதிப்படுத்துங்கள். சாப்பாட்டில் கொஞ்சத்தை மூடி எடுத்துவைத்து, பொது சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஜீவனிப் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்டிபயோடிக் வில்லைகளைக் கொடுக்காதீர்கள், சாதாரண சல்மொனெல்லா வயிற்றுப்போக்குக்கு அது தேவைப்படுவதில்லை. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகச் சரியாகும். ஆனால் மலத்தில் இரத்தம் வந்தாலோ, காய்ச்சல் 39 பாகையைத் தாண்டினாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனாலோ, பிள்ளை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் வாய் உலர்ந்து சோர்ந்திருந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். தோட்டத்தில் இருந்து ஆஸ்பத்திரி தூரம் என்பதால், இந்த அறிகுறியில் ஒன்று தெரிந்தவுடனேயே வாகனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் காய்ச்சல் மட்டும் இருந்தாலும் புறப்பட வேண்டும்.